டியூவுக்குள் ஏறி உட்கார்ந்த ₹45,000

சங்ககிரியில் லாரி ஓட்டாத குடும்பத்தைத் தேடினால் கிடைக்கும், ஆனால் லாரிக் கடன் பற்றிக் கேள்விப்படாத குடும்பம் கிடைக்காது. எங்கள் பக்கம் மாதத் தவணைக்கு "டியூ" என்றுதான் பேர். "இந்த மாசம் டியூ கட்டியாச்சா?" என்பது நலம் விசாரிப்பது மாதிரி ஒரு கேள்வி.

போன வருஷம் மாமா ஒருத்தர் பழைய பத்துச் சக்கர வண்டி ஒன்றை வாங்கினார். ஒரு வங்கியில் ₹15 லட்சம் கடன், 12% வட்டி (குறையும் அசலுக்கு), 48 மாதம். டியூ ₹39,501 வரும் என்று நான்தான் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தேன். மூன்று வாரம் கழித்து போன் பண்ணினார். "ஏம்ப்பா, நீ சொன்னது ஒண்ணு, பேங்குல புடிக்கிறது ஒண்ணா இருக்குதே. ₹40,686 போகுது."

₹1,185 வித்தியாசம். எங்கிருந்து வந்தது என்று பேப்பரைப் புரட்டினால், கடன் தொகையே ₹15,45,000 என்று இருந்தது. அதில் ₹45,000 ஒரு ஆயுள் காப்பீட்டுக்கு ஒரே தடவை கட்டும் பிரீமியம். மாமாவுக்குப் பணம் கைக்கு வரும் முன்பே அது காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்விட்டது.

அன்றைக்கு இன்னொன்றும் நடந்திருந்தது. "அண்ணா, உங்க சிபில் நல்லா இருக்கு, பதினஞ்சு எதுக்கு, இருபது வாங்கிப் பன்னெண்டு சக்கரமாவே எடுத்துடுங்க" என்று அதிகாரி சொல்லியிருக்கிறார். மாமா அதை மறுத்துவிட்டு, மறுத்த சந்தோஷத்தில் மற்ற கையெழுத்துகளைப் போட்டுவிட்டு வந்திருக்கிறார்.

வங்கி விற்பனையில் இந்த இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு. கடன் கேட்டு வந்தவரிடம் காப்பீட்டையும் சேர்த்து விற்பது கிராஸ் செல்லிங். அவர் கேட்ட அதே கடனைப் பெரிதாக்கி விற்பது அப்செல்லிங். முதலாவது இன்னொரு தேவைக்கு இன்னொரு பொருள். இரண்டாவது அதே தேவைக்குப் பெரிய பொருள். பயிற்சிப் புத்தகங்களில் இரண்டும் "வாடிக்கையாளர் உறவை ஆழப்படுத்தும்" வழிகள் என்று இருக்கும். ஆழம் யாருக்கு லாபம் என்பதுதான் கேள்வி. மாமாவின் இரண்டு பேப்பரையும் வைத்து அதைக் கணக்காகவே பார்த்துவிடலாம்.

முதலில் காப்பீடு

மாமாவிடம் "இன்சூரன்ஸ் இருந்தாத்தான் லோன் பாஸ் ஆகும்ணா" என்று சொல்லியிருக்கிறார்கள். இந்த வாக்கியத்தில் ஒரு வார்த்தை இரண்டு வேலை செய்கிறது. வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மோட்டார் வாகனச் சட்டப்படி கட்டாயம். கடன் கொடுத்தவர்கள் வண்டி சேதத்துக்கும் சேர்த்து முழுக் காப்பீடு கேட்பதும் நியாயம், வண்டிதானே அவர்களுடைய ஈடு. ஆனால் கடன் வாங்குபவரின் உயிருக்கு எடுக்கும் காப்பீடு எந்தச் சட்டப்படியும் கட்டாயம் இல்லை. லாரிக்காரர் காதில் "இன்சூரன்ஸ்" என்று விழுந்தால் அவர் வண்டி இன்சூரன்ஸைத்தான் நினைப்பார். மாமாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறார்.

அதற்காக இந்த விற்பனையே மோசடி என்று சொல்லிவிட முடியாது. லாரி ஓட்டும் ஒருத்தர், ₹15 லட்சம் கடன், வீட்டில் சம்பாதிப்பது அவர் ஒருத்தர்தான். அவர் இல்லாமல் போனால் வண்டியும் போகும், வீட்டு மேலும் கை வைப்பார்கள். அப்படிப்பட்டவருக்கு உயிர்க் காப்பீடு வேண்டுமா என்றால் கண்டிப்பாக வேண்டும். தேவை உண்மை. அந்தத் தேவைக்கு எந்தப் பொருளை எந்த விலைக்குக் கொடுத்தார்கள் என்பதில்தான் தகராறு.

₹45,000 பிரீமியம் கடனில் சேர்ந்துவிட்டதால் அதற்கும் 12% வட்டி ஓடுகிறது. மாதம் ₹1,185 வீதம் 48 மாதம் கட்டினால் ₹56,880. காப்பீட்டின் உண்மையான விலை இதுதான். 12% என்று சொன்ன கடன், கையில் வந்த ₹15 லட்சத்தை மட்டும் வைத்துப் பார்த்தால், சுமார் 13.6% கடனாக ஆகிவிடுகிறது.

இதற்கு என்ன கிடைக்கிறது? கடன் பாக்கி குறையக் குறையக் காப்பீட்டுத் தொகையும் குறையும் வகை இது. மூன்று வருஷம் முடிந்தபோது கடன் பாக்கி சுமார் ₹4.58 லட்சம் இருக்கும். அன்றைக்கு ஏதாவது ஆனால் காப்பீடு கிட்டத்தட்ட அவ்வளவுதான் கொடுக்கும், அதுவும் முதலில் வங்கிக்குப் போகும்.

மாமாவுக்கு வயது 43. வெளியில் ₹15 லட்சத்துக்குச் சாதாரண டெர்ம் பாலிசி கேட்டுப் பார்த்தோம், வருஷத்துக்கு ₹7,500 சொன்னார்கள். நான்கு வருஷத்துக்கு ₹30,000. இதில் தொகை குறையாது. மூன்றாம் வருஷ முடிவில் ஏதாவது ஆனால் குடும்பத்துக்கு ₹15 லட்சம் வரும், கடனை அடைத்துவிட்டாலும் பத்து லட்சத்துக்கு மேல் கையில் நிற்கும். ஆக, கிட்டத்தட்ட இரண்டு மடங்கு விலை கொடுத்து, குறைந்துகொண்டே போகும் பாதுகாப்பை வாங்கியிருக்கிறார்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. சர்க்கரை, இதய நோய் என்று இருப்பவருக்கு வெளியில் டெர்ம் பாலிசி கிடைக்காமல் போகலாம், கிடைத்தாலும் பிரீமியம் ஏறும். கடனோடு வரும் குழுக் காப்பீட்டில் பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனை அவ்வளவு கடுமையாக இருக்காது. உடல்நிலையை மறைக்காமல் எழுதிக் கொடுத்து, அதன் பிறகும் ஏற்றுக்கொண்டார்கள் என்றால், அந்த ஆளுக்கு இதே ₹45,000 நல்ல பேரமாகவும் இருக்கலாம். பொருள் ஒன்றே, ஒருத்தருக்கு நஷ்டம், இன்னொருத்தருக்கு லாபம். இலக்கை வைத்து விற்கிறவருக்கு இந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தான், பட்டியலில் ஒரு எண் கூடும்.

இங்கிலாந்தில் இதே கதை

இதைப் படிக்கும்போது "நம்ம ஊரில்தான் இப்படி" என்று தோன்றினால், அப்படி இல்லை. இங்கிலாந்தில் பல வருஷம் வங்கிகள் கடனோடு சேர்த்து ஒரு காப்பீட்டை விற்றார்கள். நோய் வந்தாலோ வேலை போனாலோ தவணையைக் காப்பீடு கட்டும் என்பது ஏற்பாடு. பி.பி.ஐ. என்று அதற்குப் பேர். பலருக்கு அந்தக் காப்பீடு பொருந்தவே பொருந்தாது. சொந்தத் தொழில் செய்கிறவருக்கு வேலையிழப்புக் காப்பீட்டை விற்ற சம்பவங்கள் ஏராளம். பலருக்குத் தாங்கள் அதை வாங்கியதே தெரியாது.

அதில் ஒரு வழக்கு 2014இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. கல்லூரி ஆசிரியை ஒருவர் 34,000 பவுண்டு கடன் வாங்குகிறார், பத்து வருஷத்துக்கு. கூடவே 5,780 பவுண்டு பிரீமியம் கடனில் சேர்க்கப்படுகிறது. காப்பீடு ஐந்து வருஷத்துக்குத்தான், கடன் பத்து வருஷத்துக்கு. அந்த 5,780இல் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போனது 1,630 பவுண்டு மட்டும். மீதி 71.8% இடையில் இருந்தவர்களுக்கும் கடன் கொடுத்தவருக்கும் கமிஷன். கமிஷன் இவ்வளவு பெரிது என்பதை அவரிடம் சொல்லாமல் இருந்ததே நியாயமற்ற உறவு என்று தீர்ப்பு வந்தது.

கடைசியில் பி.பி.ஐ.க்காக அங்குள்ள வங்கிகளும் கடன் நிறுவனங்களும் திருப்பிக் கொடுத்த தொகை 3,800 கோடி பவுண்டுக்கு மேல். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது அவர்கள் கொண்டுவந்த தடை. கடன் விற்கும் அன்றைக்கே இந்தக் காப்பீட்டை விற்கக் கூடாது, ஏழு நாள் இடைவெளி வேண்டும், பிரீமியம் மொத்தமாக முன்கூட்டி வாங்கும் வகையே கூடாது என்று போட்டியாணையம் உத்தரவு போட்டது. காப்பீட்டைத் தடை செய்யவில்லை. அதைக் கடனிலிருந்து பிரித்து வைத்தார்கள், அவ்வளவுதான்.

ஏன் அந்த ஏழு நாள்? கடன் கையெழுத்தாகும் நேரத்தில் நம் மனசு முழுக்க வண்டியிலேயே இருக்கும். பட்டறையில் பாடி வேலை பாதி நிற்கிறது, விற்றவர் பாக்கிப் பணத்துக்குக் காத்திருக்கிறார். அந்த நேரத்தில் மாதம் ₹1,185 என்பது யாருக்கும் பெரிதாகத் தெரியாது. ஒரு வாரம் கழித்து, டீக்கடையில் உட்கார்ந்து, அதே காப்பீட்டை அதே விலைக்குத் தனியாக வாங்குவாரா என்று கேட்டால் பதில் வேறாக இருக்கும். கிராஸ் செல்லிங்கை எடைபோட எனக்குத் தெரிந்த நல்ல சோதனை இதுதான்: வேறொரு நாளில், தனியாக, முழு விலையும் தெரிந்த பிறகும் இதை வாங்குவேனா?

இப்போது அந்த இருபது லட்சம்

அப்செல்லிங்குக்கு இந்தச் சோதனை போதாது. அங்கே ஒளிந்திருப்பது எதுவும் இல்லை. டியூ எவ்வளவு என்று தெளிவாகவே சொல்லுவார்கள். ₹20 லட்சத்துக்கு மாதம் ₹52,668, அதாவது ₹13,167 கூடுதல். கேட்கவேண்டியது, அந்தக் கூடுதல் டியூவைக் கூடுதல் வண்டி தானே சம்பாதித்துக் கட்டுமா என்பது.

மாமா நோட்டுப் போட்டு எழுதுகிறவர். டீசல், டோல், டிரைவர் படி, டயர் தேய்மானம் எல்லாம் கழித்துப் பத்துச் சக்கரத்தில் ஒரு நடைக்குச் சராசரி ₹13,000 நிற்கிறது என்று அவர் கணக்கு. பன்னிரண்டு சக்கரம் வைத்திருக்கும் பங்காளியிடம் கேட்டதில் அதே ரூட்டில் ₹15,500 நிற்கும் என்றார். ஒரு நடைக்கு ₹2,500 அதிகம். கூடுதல் டியூ ₹13,167ஐ ₹2,500ஆல் வகுத்தால் 5.27 வருகிறது. அதாவது மாதம் ஆறு நடை ஓடினால்தான் பெரிய வண்டி சின்ன வண்டியை விட லாபம்.

மாமாவுக்கு நல்ல மாதத்தில் ஐந்து நடை, லோடு கிடைக்காத மாதத்தில் மூன்று. மூன்று நடை மாதத்தில் பத்துச் சக்கரத்தில் ₹39,000 வரும், டியூ கிட்டத்தட்ட கைக்கும் வாய்க்கும் சரியாகப் போகும், ₹500 கடன் வாங்கினால் போதும். பன்னிரண்டு சக்கரத்தில் ₹46,500 வரும், டியூவுக்கு ₹6,168 துண்டு விழும். அப்படி இரண்டு மூன்று மாதம் தொடர்ந்தால் வண்டியைப் பிடிக்க ஆள் வருவார்கள். அவர் மறுத்தது சரி.

இதே சலுகையை மாமாவின் பங்காளிக்குக் கொடுத்திருந்தால் அது நல்ல அப்செல்லிங். அவருக்கு ஆலை ஒன்றில் ஒப்பந்த லோடு இருக்கிறது, மாதம் ஏழு நடை குறையாமல் ஓடுகிறார். நாலு வருஷம் கழித்து விற்கும்போது பெரிய வண்டிக்கு விலையும் கூட நிற்கும். அவரிடம் "பதினஞ்சு போதும்" என்று நிறுத்தியிருந்தால்தான் அவருக்கு நஷ்டம்.

இந்த இரண்டு பேரையும் பிரித்துக் காட்டுவது சிபில் மதிப்பெண் அல்ல. பழைய கடனை எவ்வளவு ஒழுங்காகக் கட்டினார் என்பதை அது சொல்லும். மாதம் எத்தனை நடை என்று அதற்குத் தெரியாது. "உங்க சிபில் நல்லா இருக்கு" என்பது வங்கிக்கு ஆபத்து குறைவு என்று சொல்கிறதே தவிர, நமக்கு இது நல்லது என்று சொல்லவில்லை. அப்செல்லிங்குக்கான கேள்வி ஆக இப்படி வரும்: மோசமான மாதத்திலும் கூடுதல் தவணையை அந்தக் கூடுதலே கட்டுமா?

ஆபத்தின் குணமும் இரண்டுக்கும் வேறு. கிராஸ் செல்லிங் தவறினால் பணம் மெதுவாகக் கசியும், கண்ணுக்குத் தெரியாது. அப்செல்லிங் தவறினால் கண்ணுக்குத் தெரிந்தே வண்டி போகும்.

இலக்கு என்ன செய்கிறது

கிளையில் இருக்கும் அந்த அதிகாரியைத் திட்டி எனக்கு ஆகப் போவது ஒன்றும் இல்லை. அவருக்கு மேலே யாரோ ஒரு எண்ணைக் கொடுத்திருக்கிறார்கள். எண் மட்டும் பேசினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கிதான் பாடம். ஒரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கு எட்டுப் பொருள் விற்க வேண்டும் என்று அங்கே இலக்கு. ஊழியர்கள் கடைசியில் வாடிக்கையாளருக்கே தெரியாமல் கணக்குத் திறக்க ஆரம்பித்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம் வந்தது. அதுவரை சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிலிருந்து நீக்கப்பட்டிருந்தார்கள்.

அடுத்த வருஷம் வெளிவந்ததுதான் லாரி ஊர்க்காரன் காதில் விழ வேண்டியது. ஏற்கெனவே வாகனக் காப்பீடு வைத்திருந்தவர்கள் பேரிலும் அந்த வங்கி இன்னொரு காப்பீட்டைப் போட்டு, வாகனக் கடன் தவணையில் சேர்த்திருந்தது. பாதிக்கப்பட்டிருக்கக் கூடியவர்கள் சுமார் 5,70,000 பேர். அதில் சுமார் 20,000 பேருடைய வண்டி பறிமுதல் ஆனதற்கு அந்தக் கூடுதல் செலவும் காரணமாக இருந்திருக்கலாம் என்று வங்கியே சொன்னது. மெதுவாகக் கசியும் கிராஸ் செல்லிங்கும் ஒரு கட்டத்தில் வண்டியைப் பிடித்துக்கொண்டு போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

நல்ல பொருளையும் இலக்கு கெடுத்துவிடும். பிரதமரின் விபத்துக் காப்பீட்டையே (சுரக்ஷா பீமா) எடுத்துக்கொள்ளுங்கள். வருஷத்துக்கு ₹20, விபத்தில் இறந்தால் ₹2 லட்சம், 18 முதல் 70 வயது வரை. டிரைவர், கிளீனர் எல்லோருக்கும் இதைவிட மலிவான பாதுகாப்பு கிடையாது. நான் பார்த்ததிலேயே நல்ல கிராஸ் செல்லிங் இதுதான். ஆனால் எத்தனை பேரைச் சேர்த்தோம் என்பது மட்டும் கணக்கானால், சேர்த்ததை வீட்டில் யாருக்கும் சொல்ல மாட்டார்கள். ஜூன் 1 முதல் அடுத்த மே 31 வரைதான் பாதுகாப்பு. புதுப்பிக்கும் நேரத்தில் கணக்கில் ₹20 இல்லாவிட்டால் அது அறுந்துபோகும். கணவன் இறந்த பிறகு, இப்படி ஒரு காப்பீடு இருந்ததே மனைவிக்குத் தெரியாவிட்டால் அந்த ₹20ம் வீண். வங்கி எத்தனை பேரைச் சேர்த்தது என்று எண்ணும். குடும்பத்துக்கு எண்ண வேண்டியது கைக்கு வந்த இழப்பீட்டை.

பேப்பரில் எங்கே பார்ப்பது

நம் பக்கம் விதி இல்லாமல் இல்லை. ரிசர்வ் வங்கி 2014இல் வெளியிட்ட வாடிக்கையாளர் உரிமைச் சாசனத்தில், விற்கும் பொருள் வாடிக்கையாளருக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும், ஒரு சேவைக்குப் பதிலாக வேறு நிறுவனத்தின் பொருளை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று இருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல் புதிய சில்லறைக் கடன்களுக்கும் சிறுதொழில் கடன்களுக்கும் முக்கிய விவரத் தாள் ஒன்றை நமக்குப் புரிகிற மொழியில் கொடுத்தாக வேண்டும். அதில் வருட வட்டி விகிதம் இரண்டு இடத்தில் இருக்கும். ஒன்று சாதாரண வட்டி. இன்னொன்று, காப்பீடு மாதிரி எல்லாச் செலவையும் சேர்த்தது. மாமாவின் தாளில் முதலாவது 12, இரண்டாவது 13.6க்குப் பக்கம். இடைவெளி பெரிதாக இருந்தால் உள்ளே ஏதோ ஏறி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தத் தாளைக் கொடுத்த பிறகு யோசிக்கக் குறைந்தது மூன்று வேலை நாள் தர வேண்டும் என்பதும் விதிதான். நம்முடைய ஏழு நாள் அதுதான், கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

கையெழுத்துப் போட்ட பிறகும் ஒரு வழி இருக்கிறது. ஆயுள் காப்பீட்டுப் பத்திரம் கைக்கு வந்து 30 நாளுக்குள் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தால், இருந்த நாளுக்கான தொகையும் சில சில்லறைச் செலவும் கழித்து மீதி திரும்ப வரும். மாமா என்னிடம் பேசியபோது 22ஆம் நாள். எழுத்தில் கொடுத்து, ரசீது வாங்கினோம். இதில் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். திரும்ப வந்த பணம் சேமிப்புக் கணக்கில் விழுந்தால் டியூ குறையாது, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். கடன் அசலில் கழித்து டியூவைத் திருத்தச் சொல்லித் தனியாக ஒரு கடிதம் கொடுக்க வேண்டியிருந்தது. வங்கி 30 நாளில் பதில் சொல்லாவிட்டால் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனுக்கு cms.rbi.org.in தளத்தில் புகார் செய்யலாம். எங்களுக்கு அதுவரை போகவில்லை.

ஆனால் ரத்துக் கடிதம் கொடுக்கும் முன்பு, வெளியில் கேட்ட டெர்ம் பாலிசியை மாமா பேரில் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டோம். தப்பாக விற்ற காப்பீட்டை ரத்து செய்துவிட்டு, காப்பீடே இல்லாமல் அவரை ரோட்டில் அனுப்பினால், அந்த அதிகாரியை விட நான் அவருக்கு அதிகக் கெடுதல் செய்தவன் ஆகியிருப்பேன். பாலிசி எண்ணையும், ₹20 காப்பீட்டுக் கணக்கு விவரத்தையும் அத்தை காலண்டர் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது டியூ ₹39,500 சொச்சம். போன வாரம் மாமா போன் பண்ணினார். இந்த மாதம் நாலு நடையாம்.